கானாடுகாத்தான் ஆச்சியின் ரத்த அறிக்கை: எழுதிய குறிப்பும் எழுதாமல் விட்ட குறிப்பும்

ஊதா மூடிக் குழாய் எங்கள் காரைக்குடி ஆய்வகத்துக்கு வந்தபோது காலை பத்தரை மணி. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போய் எடுத்து வந்த ரத்தம். உடன் வந்த சீட்டில் மூன்றே செய்திகள்: பெண், வயது 71, அசதி. கீழே முழு ரத்த எண்ணிக்கை என்று ஒரு டிக். நோயாளியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோயியல் மருத்துவருக்கு இது புதிதல்ல. எங்கள் பிழைப்பே முகம் தெரியாதவர்களின் ரத்தத்தோடுதான்.

கருவி கொடுத்த எண்கள் இவை. ஹீமோகுளோபின் 5.4 கிராம். சிவப்பணுக்கள் 13.6 லட்சம். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 119. அணுக்களின் அளவு எவ்வளவு சீரற்றுக் கிடக்கிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ 24. வெள்ளணுக்கள் 2,900. தட்டணுக்கள் 62,000. மூன்று வகை அணுக்களும் ஒருசேரக் குறைந்திருக்கின்றன. கருவி தன் பங்குக்கு எல்லா எண்களையும் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் அம்புக்குறிகளைப் போட்டிருந்தது. அம்புக்குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மருத்துவருக்குச் சொல்வதில்லை. அது நம் வேலை.

பத்து ஆண்டுகளுக்கு முன்னால் இப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "மூவகை அணுக்குறைவு. மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்." அந்த இரண்டாம் வாக்கியத்தை ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அதில் தவறான சொல் ஒன்றும் இல்லை. பயனுள்ள சொல்லும் ஒன்றும் இல்லை. பொருத்திப் பார்க்கத்தானே அவர் ரத்தத்தையே அனுப்பினார்.

இந்த முறை குறிப்பு எழுதுவதற்கு முன் செய்த வேலைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல குறிப்பின் முக்கால் பங்கு பேனாவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முதல் கேள்வி, இந்த எண்கள் உண்மையா என்பது. எம்சிவி 119 என்று கருவி சொன்னதும் நம்பிவிடக் கூடாது. குளிரில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. இரண்டு மூன்று அணுக்கள் சேர்ந்து போவதைக் கருவி ஒரே பெரிய அணு என்று எண்ணும். எம்சிவி ஏறும், எண்ணிக்கை இறங்கும். அதைக் காட்டிக்கொடுப்பது, சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் எம்சிஹெச்சி. ஒட்டிய ரத்தத்தில் அது 36-ஐத் தாண்டி நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். இங்கே 33.3. அது சரி. ஒரு நாள் கிடந்த ரத்தத்திலும் அணுக்கள் ஊதிப் பெருக்கும். இதுவோ எடுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ரத்தம். தட்டணுக்கள் குழாய் மருந்தால் கொத்துக்கொத்தாகத் திரண்டு குறைவாகக் காட்டுகின்றனவா என்று பூச்சின் ஓரங்களைப் பார்த்தேன். கொத்து எதுவும் இல்லை. எண்கள் உண்மை.

இரண்டாவது, லீஷ்மன் சாயமிட்ட ரத்தப்பூச்சு. பெரிய சிவப்பணுக்கள் எல்லாமே ஒரே மாதிரிப் பெரியவை அல்ல. கல்லீரல் நோயில் வரும் பெரிய அணுக்கள் வட்டமாக இருக்கும். இவையோ முட்டை வடிவில் நீண்டு, நடு வெளுப்பு மறைந்து, நிறைந்த சிவப்பாக இருந்தன. இடையிடையே கண்ணீர்த்துளி வடிவ அணுக்களும் சில துண்டுகளும். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவின் உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருப்பது வழக்கம். நூறு நியூட்ரோஃபில்களை எண்ணியதில் பதினான்கில் ஐந்து மடல்கள் அல்லது அதற்கு மேல். மூன்றில் ஆறு மடல்கள், நூலால் கோத்த மணி போல. ஆறு மடல் அணு ஒன்றைப் பார்த்தாலே மனம் பி12 வைட்டமின் குறைவின் பக்கம் சாயும், மூன்றைப் பார்த்துவிட்டேன்.

ஆனாலும் மூவகை அணுக்களும் குறைந்த 71 வயதுக்காரருக்கு ரத்தப் புற்று இல்லை என்று சொல்ல ஒரு பூச்சு போதாது. வெள்ளணுக்களே 2,900 இருக்கும்போது, அரிதாகத் திரியும் இளம் புற்றணு கண்ணில் படாமல் போகலாம். எனவே மீதி ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களுக்கு மேலே படியும் வெண்படலத்தை மட்டும் எடுத்து இரண்டு பூச்சுகள் போட்டேன். வெள்ளணுக்களை ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பார்க்கும் பழைய வழி. பத்து நிமிட வேலை. இளம் புற்றணு ஒன்றும் இல்லை. முதியவர்களுக்கு வரும் எலும்பு மஜ்ஜைக் குறைபாட்டு நோயில் நியூட்ரோஃபில்களின் மடல்கள் குறைந்து, உள்ளிருக்கும் துகள்களும் வெளுத்துப் போயிருக்கும், அதுவும் இல்லை. கூடவே ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்களை எண்ணினேன்: 1.2 சதவீதம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் வெறும் 16 இருப்பதைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் அரை சதவீதம்தான். இவ்வளவு சோகையில் மஜ்ஜை பல மடங்கு உற்பத்தி செய்ய வேண்டும். செய்யவில்லை.

மூன்றாவது, தொலைபேசி. ஹீமோகுளோபின் 5.4 என்பது அச்செடுத்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகும் செய்தி அல்ல.

"டாக்டர், அந்த ஆச்சி எப்படி இருக்கிறார்கள்? படுக்கையிலா?"

"இல்லை மேடம், முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நெஞ்சுவலி இல்லை, இசிஜி பரவாயில்லை. உங்கள் ஆள் இப்போது எண்களைச் சொன்னார். மதுரைக்கு அனுப்பி மஜ்ஜைப் பரிசோதனை செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிவிடட்டுமா?"

"என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பாடு?"

"சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பன்னிரண்டு ஆண்டாக. வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோல், அதுவும் வெகு காலமாக. சாப்பாடு என்ன சாப்பாடு, ஐயா போனபிறகு கவுச்சி தொடுவதில்லையாம். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டாம் கட்டில் ஓர் அடுப்பு, ஒரு வேளை கஞ்சி. மகன் சிங்கப்பூரில்."

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. நாற்பது பேர் பந்தியில் உட்காரும் வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியின் தட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஞ்சி புரியும். பாலும் தயிரும் கொஞ்சம் பி12 தரும். அதையும் சளி பிடிக்கிறது என்று நிறுத்திவிட்டாராம். பி12 உடலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு கொண்டது. வரவு நின்றதும் தெரியாது, மெல்லத் தீர்ந்த பிறகே தெரியும். மெட்ஃபார்மின் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை, உணவிலிருந்து அது பிரிவதையே குறைக்கும்.

இப்போது குறிப்பு. அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

> தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது, காலை 11.50. பூச்சுத் தோற்றம் மெகலோபிளாஸ்டிக் சோகையை வலுவாகக் காட்டுகிறது. பி12 குறைவே முதல் சந்தேகம் (மெட்ஃபார்மின், பான்டோபிரசோல், உணவு). வெண்படலப் பூச்சிலும் இளம் புற்றணுக்கள் இல்லை.
>
> பி12, ஃபோலேட் அளவுக்கான ரத்தத்தைச் சிகிச்சைக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் முன்பே எடுக்கவும். எடுத்த பின் முடிவுக்குக் காத்திராமல் பி12 ஊசியைத் தொடங்கலாம். பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் தர வேண்டாம்.
>
> ரத்தம் ஏற்றுவதை எண்ணைப் பார்த்து அல்லாமல் அறிகுறியைப் பார்த்து முடிவு செய்யவும். தேவையானால் ஒரு யூனிட், மெதுவாக. முதல் சில நாட்கள் பொட்டாசியம் கவனிக்கவும்.
>
> ஏழாம் நாள் முழு ரத்த எண்ணிக்கையும் ரெட்டிகுலோசைட்டும் அனுப்பவும். ரெட்டிகுலோசைட் ஏறவில்லை என்றால் மஜ்ஜைப் பரிசோதனை தேவை.

மெகலோபிளாஸ்டிக் சோகை என்பது பி12 அல்லது ஃபோலேட் போதாமல் மஜ்ஜையில் அணுக்கள் சரியாக முதிராமல் பெருத்துப்போகும் சோகை. குறிப்பில் ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு தவறான அடுத்த படியை மறிப்பதற்காக எழுதப்பட்டது. முன்பே எடுக்கவும் என்பது ஏன் என்றால், ஒரே ஓர் ஊசி போட்டாலும் பிறகு எடுக்கும் ரத்தத்தில் பி12 வானளவு காட்டும். அதை வைத்துக் குறைவு இருந்ததா இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஏற்றிய ரத்தமும் ஃபோலேட் அளவைக் குழப்பும். ஃபோலிக் அமிலத்தைப் பற்றிய வரி எழுதக் காரணம், சோகை என்றதும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பது நம் ஊரில் கை பழகிய செயல். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், எல்லோரும் மகிழ்வார்கள், அதற்குள் தண்டுவட நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். ஆச்சிக்கு ஏற்கெனவே பாதம் பஞ்சு மேல் நடப்பது போல இருந்தது என்பது பிறகு கேட்டுத் தெரிந்தது.

ரத்தம் ஏற்றும் வரி எழுத நான் தயங்கினேன். நோயாளியைப் பார்க்காதவள் நான். ஆனால் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்த சோகைக்கு முதியவரின் இதயம் பழகியிருக்கும். ரத்தத்தின் மொத்தக் கன அளவு குறைந்திருக்காது. அங்கே இரண்டு யூனிட்டை அவசரமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். தயங்கி எழுதாமல் விடுவதைவிட, முடிவை அவரிடமே விட்டு அபாயத்தை மட்டும் சொல்வது மேல் என்று தோன்றியது. மருந்தின் அளவை மட்டும் நான் எழுதுவதில்லை. அது சிகிச்சை தருபவரின் எல்லை.

கடைசி வரிதான் எனக்கு மிகப் பிடித்தது. "மஜ்ஜைப் பரிசோதனை வேண்டாம்" என்று எழுதினால் நான் தவறாக இருக்கும் நாளில் நோயாளிக்கு ஆபத்து. "மஜ்ஜைப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினால் அன்று மாலையே மதுரை வண்டி. பி12 கொடுத்தால் மூன்று நான்கு நாளில் இளம் சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் உச்சம் தொடும். இவ்வளவு தெளிவான பதிலை உடலே தரப்போகும்போது, அதற்கு ஒரு நாள் குறித்துக் காத்திருக்கலாம். ஏறாவிட்டால் ஊசி, மஜ்ஜைக்குள்.

குறிப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்பெல்லாம் எங்கள் குறிப்பு இரண்டாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே போகும். மருத்துவர்கள் இப்போது அறிக்கையை வாட்ஸ்ஆப்பில் கைபேசியில் பார்க்கிறார்கள்; முதல் திரையில் ஹீமோகுளோபின் தெரிந்ததும் மூடிவிடுகிறார்கள். இப்போது குறிப்பை முதல் பக்கத்தில், எண்களுக்கு மேலேயே வைக்கிறோம். அச்சுக்காரர் அழகு கெடுகிறது என்றார். கெடட்டும்.

பி12 அளவு 96 பிகோகிராம் என்று மிகக் குறைவாக வந்தது, ஃபோலேட் இயல்பு. அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதியான எல்டிஹெச் 2,400. இந்த எல்டிஹெச்சைப் பார்த்துவிட்டு மருத்துவர் மறுபடி அழைத்தார்: சிவப்பணு உடையும் நோயா என்று. உடைகிறதுதான், ஆனால் ரத்தத்தில் அல்ல. மஜ்ஜைக்குள் பாதியிலேயே உடைகிறது. ரத்தத்தில் உடைந்தால் ரெட்டிகுலோசைட் ஏறியிருக்கும். மெகலோபிளாஸ்டிக் சோகையில் எல்டிஹெச் ஆயிரங்களில் இருப்பது வழக்கம். பி12 அளவு இயல்பாக வந்திருந்தாலும் இந்தப் பூச்சுக்கு முன் நான் அதை நம்பியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பி12-ஐ உறிஞ்ச உதவும் வயிற்றின் உள்காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் சிலருக்கு இருக்கும். அது சில பரிசோதனை முறைகளில் குறுக்கிட்டு பி12-ஐப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

ரத்தம் ஏற்றவில்லை. ஊசி தொடங்கி ஏழாம் நாள்: ஹீமோகுளோபின் 6.1, ரெட்டிகுலோசைட் 16 சதவீதம், வெள்ளணுக்கள் 4,600, தட்டணுக்கள் 1,48,000. ஹீமோகுளோபின் முக்கால் கிராம்கூட ஏறவில்லையே என்று ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து கவலைப்பட்டாராம். அதனால் அந்த அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்: "மஜ்ஜை பதிலளித்துவிட்டது, ஹீமோகுளோபின் இனிமேல்தான் ஏறும், மஜ்ஜைப் பரிசோதனை இப்போது தேவையில்லை."

இதுவரை கதை எனக்குப் பெருமை சேர்ப்பதாகவே இருக்கிறது. இனி என் தவறு.

நான்காம் வாரம் மறுபடி ரத்தம் வந்தது. ஹீமோகுளோபின் 8.8. வெள்ளணுக்கள் 7,200. தட்டணுக்கள் 3,90,000. எம்சிவி 93. எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது, எம்சிவி இயல்பு எல்லைக்குள் வந்துவிட்டது. ஹீமோகுளோபினையும் அதையொட்டிய சிவப்பணு எண்ணிக்கையையும் தவிர அம்புக்குறி ஆர்டிடபிள்யூவுக்கு மட்டும். அன்று காய்ச்சல் காலம்; மேசையில் டெங்குச் சந்தேக ரத்தங்கள் அடுக்கி இருந்தன. குறிப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஒன்பதாம் வாரம் ஹீமோகுளோபின் 9.3. ஐந்து வாரத்தில் அரை கிராம். பி12 மட்டுமே குறை என்றால் இந்நேரம் 12-ஐ எட்டியிருக்க வேண்டும். எம்சிவி 79, தட்டணுக்கள் 4,60,000. பூச்சில் இப்போது சிறிய வெளிறிய சிவப்பணுக்கள், பென்சில் போல நீண்டவை. இரும்புக் குறைவு, அச்சடித்தது போல.

நான்காம் வாரத்து அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆர்டிடபிள்யூ 25. சிவப்பணு அளவு வரைபடத்தில் ஒரு மேடு அல்ல, இரண்டு மேடுகள் தெளிவாக நின்றன: பழைய பெரிய அணுக்கள் ஒரு பக்கம், இரும்பில்லாமல் பிறந்த புதிய சிறிய அணுக்கள் மறு பக்கம். 93 என்பது அந்த இரண்டின் சராசரி. அந்த அளவில் உண்மையான அணுக்கள் குறைவாகவே இருந்தன. எண் இயல்பு எல்லைக்குள் இருந்ததால் நானும் கருவியைப் போலவே அதைக் கடந்து போய்விட்டேன். கருவிக்காவது ஆர்டிடபிள்யூவுக்கு அம்புக்குறி போடத் தெரிந்தது.

தொடக்கத்திலேயே இரும்பைப் பரிசோதித்திருக்கலாமே என்று மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிடினை முதல் நாள் பார்த்திருந்தால் இயல்பாகவோ கூடுதலாகவோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். மஜ்ஜை வேலை செய்யாதபோது இரும்பு செலவாகாமல் தேங்கிக் கிடக்கும். பி12 கிடைத்ததும் அணுக்கள் லட்சக்கணக்கில் உருவாக, அந்த இருப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். ஆகவே முதல் நாள் அல்ல, நான்காம் வாரமே ஃபெரிடின் கேட்க வேண்டிய வேளை. அதை முதல் குறிப்பின் கடைசி வரியில் ஒரு சொற்றொடராகச் சேர்த்திருந்தாலே போதும். சேர்க்காததால் ஆச்சிக்கு ஐந்து வாரம் வீணானது.

ஒன்பதாம் வாரக் குறிப்பு இப்படிப் போனது.

> பி12 சிகிச்சைக்குப் பின் வெளிப்பட்ட இரும்புக் குறைவு. நான்காம் வார அறிக்கையிலேயே இருவகைச் சிவப்பணுக்கள் இருந்தன, அப்போது குறிப்பிடப்படவில்லை. ஃபெரிடின் பார்த்து இரும்பு தொடங்கவும். பி12 ஊசியைத் தொடரவும். மாதவிடாய் நின்ற வயதில் இரும்புக் குறைவுக்கு உணவை மட்டும் காரணமாகக் கொள்ள வேண்டாம். இரைப்பை, குடல் ஆய்வு தேவை.

"அப்போது குறிப்பிடப்படவில்லை" என்ற வாக்கியத்தை என் தட்டச்சுப் பெண் நீக்கிவிட்டிருந்தாள். திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அது இல்லாவிட்டால் இரும்புக் குறைவு புதிதாக, கடந்த சில வாரத்தில் வந்தது என்று மருத்துவர் நினைப்பார். எங்கோ திடீரென ரத்தம் கசிகிறது என்று தேடுவார். என் தவறை ஒப்புக்கொள்ளும் வரி அவருக்கு நோயின் காலத்தைச் சொல்லும் வரியும்கூட.

ஃபெரிடின் வெறும் 8. மதுரையில் உள்நோக்கிப் பரிசோதனை செய்தார்கள். குடலில் கட்டியோ கசிவோ இல்லை. இரைப்பையின் உட்சவ்வு மெலிந்து தேய்ந்திருந்தது. எடுத்த திசுவும் அதையே உறுதி செய்தது. அமிலம் சுரக்காத அந்த இரைப்பையால் உணவிலிருந்து இரும்பையும் சரிவர வாங்க முடியாது, பி12-ஐயும் வாங்க முடியாது. கஞ்சிக்கும் மெட்ஃபார்மினுக்கும் பங்கு இருந்தது உண்மை; ஆனால் நான் முதல் குறிப்பில் அடைப்புக்குறிக்குள் எழுதிய காரணங்களில் இது இல்லை. மாத்திரையாகத் தந்த இரும்பு பயன்படாததால் சிரை வழியாகத் தந்தார்கள். பி12 ஊசி மாதம் ஒன்றாக இனி என்றும் தொடரும்.

அடுத்த முறை வந்த குழாயில் ஹீமோகுளோபின் 11.9, எம்சிவி 88, ஆர்டிடபிள்யூ 15. வரைபடத்தைப் பார்த்தேன். ஒரே மேடு. சீட்டின் பின்பக்கத்தில் மருத்துவர் தம் கையால் எழுதியிருந்தார்: "சிரை இரும்பு முடிந்து ஆறு வாரம். பி12 கடைசி ஊசி பத்து நாள் முன்பு. பாத மரமரப்பு இடப்பக்கம் இன்னும் இருக்கிறது."